வளர்ச்சிக் காரணி இல்லாமலே விழித்த ஏற்பி: கடுக்காய்ச் சாறு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு செல் உயிரியல் ஆய்வகத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் நிறுவனத்தையும் விட்டுவிட்டேன். அந்த மாணவியின் முனைவர் பட்டக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்ததால் குறிப்பேடுகளையும், செல்லின் புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படங்களையும் நேரில் பார்த்தேன்.

பின்னணி

தாம்பரம் பக்கம் மருத்துவம் பார்க்கும் ஒரு சித்த மருத்துவர், ஆறாத புண்களைக் கடுக்காய்க் குடிநீரால் கழுவுவது வழக்கம் என்றும் அதற்கு ஓர் ஆய்வக விளக்கம் கிடைக்குமா என்றும் கேட்டு அந்த ஆய்வகத்துக்கு வந்தார். ஆய்வகத் தலைவி ஒப்புக்கொண்டார். பாரிமுனை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காயைக் கொட்டை நீக்கி, இடித்து, தண்ணீரில் காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்து உலர்த்திப் பொடியாக வைத்துக்கொண்டார்கள். சோதனைக்கு எடுத்தது ஹாகாட் எனப்படும் மனிதத் தோல் செல் வகை. புண் ஆறும்போது நகர்ந்து வந்து இடைவெளியை மூடுபவை தோலின் இந்தக் கெரட்டினோசைட்டுகள்தான். அவற்றை நகரவும் பெருகவும் தூண்டுவதில் மேல்தோல் வளர்ச்சிக் காரணியான இஜிஎஃப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: இஜிஎஃப்பின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதமான இஜிஎஃப் ஏற்பியைக் கடுக்காய்ச் சாறு இயக்குகிறதா?

நடந்ததைப் பின்தொடர அந்த ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். செல் சவ்வுக்கு வெளியே ஏற்பியின் கை மடிந்த நிலையில் இருக்கிறது. தன் இரண்டாம் பகுதியிலிருந்து நீளும் ஒரு வளையத்தை நான்காம் பகுதியோடு சேர்த்து மறைத்து வைத்திருக்கிறது. இஜிஎஃப் வந்து முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே அமரும்போது மடிப்பு விரிந்து அந்த வளையம் வெளியே வருகிறது. அப்படி விரிந்த இரண்டு ஏற்பிகள் வளையத்தோடு வளையம் கோத்துக்கொள்வதுதான் இருபடியாதல். வெளியே இணைந்ததும் செல்லுக்கு உள்ளே இருக்கும், பாஸ்பேட் ஒட்டும் என்சைம்களான இரண்டு கைனேஸ் பகுதிகளும் நெருங்குகின்றன. ஆனால் அவை கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே நிற்பதில்லை. ஒன்றின் அடிப்பாகம் மற்றதன் மேற்பாகத்தை முட்டித் தள்ளி அதை இயங்கும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இந்தச் சமச்சீரற்ற அமைப்பு 2006ல்தான் தெளிவானது. இயங்கத் தொடங்கிய கைனேஸ், ஏற்பிகளின் வாலில் இருக்கும் டைரோசின்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. தன்பாஸ்பரேற்றம் என்று இதைச் சொன்னாலும் பெரும்பாலும் இது ஒன்று மற்றதற்குச் செய்யும் வேலைதான்.

பாஸ்பேட் ஏறிய டைரோசின்கள் இறங்குதளங்கள் ஆகின்றன. 1068ஆம் டைரோசினில் க்ரப்2 என்ற இணைப்புப் புரதம் வந்து உட்கார்கிறது. அது கூடவே சாஸ் புரதத்தைச் சவ்வுக்கு இழுத்து வருகிறது. சாஸ், ராஸ் என்ற இன்னொரு புரதம் பிடித்திருக்கும் ஜிடிபியைக் கழற்றி ஜிடிபி ஏற வழிவிடுகிறது என்று எழுதினால் குழப்பம் வரும், ஏனென்றால் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். குவனோசின் இருபாஸ்பேட் கழன்று முப்பாஸ்பேட் ஏறுகிறது என்பதே சரி. முப்பாஸ்பேட் ஏறிய ராஸ் ராஃப் என்ற கைனேஸை அழைக்கிறது, ராஃப் அடுத்த கைனேஸான மெக்கின் இரண்டு செரின்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது, மெக் கடைசிக் கைனேஸான எர்க்கின் 202ஆம் திரியோனினிலும் 204ஆம் டைரோசினிலும் ஏற்றுகிறது. எர்க்கில் ஒரு பகுதி உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. மேப் கைனேஸ் சங்கிலி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது ராஃப் முதல் எர்க் வரையிலான மூன்று படிகளைத்தான்.

முதலில் கண்டது

மாணவி முறைப்படிதான் செய்தார். செல்களுக்கு இரவு முழுவதும் சீரம் இல்லாத மீடியம். காலையில் ஒரு தட்டில் இஜிஎஃப், ஒரு தட்டில் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு, ஒன்றில் வெறும் மீடியம். அரை மணி நேரம் கழித்துச் செல்களை உடைத்து வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினார். 1068ல் பாஸ்பேட் ஏறிய ஏற்பியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி 170 கிலோடால்டன் உயரத்தில் இரண்டு தட்டிலும் தெளிவான பட்டை காட்டியது. எர்க்கின் 44, 42 இரட்டைப் பட்டைகளும் இரண்டிலும் எழுந்தன. வெறும் மீடியம் தட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஜெஃபிடினிப் என்ற கைனேஸ் தடுப்பானை முன்கூட்டிக் கொடுத்தால் சாற்றால் வந்த ஏற்பிப் பட்டை மறைந்தது.

இதிலிருந்து எட்டிய முடிவு, சாற்றில் இஜிஎஃப்பைப் போல நடந்துகொள்ளும் ஏதோ ஒரு மூலக்கூறு இருக்கிறது என்பது. செல் படலத்தில் கீறிவிட்டு அது மூடுவதைப் பார்க்கும் கீறல் சோதனையிலும் சாறு கொடுத்த தட்டில் இடைவெளி கொஞ்சம் வேகமாக மூடியது. கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். காப்புரிமைக்கு முன்விண்ணப்பம் போடலாமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தோடு பேச்சும் நடந்தது.

ஜெஃபிடினிப் சோதனையை அவர்கள் அளவுக்கு மீறி நம்பினார்கள் என்பது என் கருத்து. பட்டையை உண்டாக்கியது ஏற்பியின் சொந்தக் கைனேஸ்தான் என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்தக் கைனேஸை எது எழுப்பியது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

விளைவு மறைந்தது

கோடையில் மீடியம் தீர்ந்தது. வழக்கமான வகை கையிருப்பில் இல்லை என்று விற்பனையாளர் அதே அதிகக் குளுக்கோஸ் கொண்ட டிஎம்இஎம் என்ற மீடியத்தின் இன்னொரு வகையை அனுப்பினார். நிறம், பெயர், பாட்டில் எல்லாம் ஒன்று. பட்டியல் எண் மட்டும் வேறு. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்தும்படி லேபிளும் இல்லை.

அதற்குப் பிறகு ஓட்டிய பிளாட்டுகளில் சாற்றின் தட்டு வெறும் மீடியம் தட்டைப் போலவே வெறுமையாக வந்தது. அந்த வாரங்களில் மின்வெட்டு அடிக்கடி வந்ததால் முதல் சந்தேகம் உறைபெட்டிமீது விழுந்தது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளத் தாமதமான இரவுகளில் ஆன்டிபாடி கெட்டிருக்கலாம். பொடி ஈரம் இழுத்திருக்கலாம் என்று புதிதாகக் கடுக்காய் வாங்கிக் காய்ச்சினார்கள். அதுவும் வேலை செய்யவில்லை.

ஆய்வகக் கூட்டத்தில் மாணவி சொன்ன ஒரு வாக்கியம்தான் திசையைத் திருப்பியது. "மேடம், இஜிஎஃப் தட்டு பழையபடியே நல்லா வருது. சாறு தட்டு மட்டும்தான் செத்துப்போச்சு."

தலைவி சட்டென்று, "அப்போ ஆன்டிபாடியைத் திட்டாதேம்மா. செல்லு, லைசிஸ் பஃபர், ஆன்டிபாடி மூணும் சரியா இருக்குன்னு இஜிஎஃப்தான் சொல்லுதே. சாறு எதுல கரையுதுன்னு பாரு," என்றார்.

பழைய வகை மீடியம் ஒரு பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாளில், ஒரே செல்லில், ஒரே பொடியில் சோதித்தார் மாணவி. பழைய மீடியத்தில் பட்டை திரும்பி வந்தது. புதியதில் வரவில்லை. பிறகு இரண்டு வகைகளின் உட்பொருள் பட்டியலையும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். அவர்கள் கண்ட வித்தியாசம் ஒன்றே: புதிய வகையில் லிட்டருக்கு 110 மில்லிகிராம் சோடியம் பைருவேட் இருந்தது, அதாவது 1 மில்லிமோலார்.

பைருவேட் செல்லுக்கு எரிபொருள் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு குணம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டால் என்சைம் ஏதுமில்லாமலே அதோடு வினைபுரிந்து அசிட்டேட்டாகவும் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் முடித்துவிடும். அப்படியானால் பழைய மீடியத்தில் பெராக்சைடு இருந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது?

காலக்கோடு காட்டிக்கொடுத்தது

இந்தக் கட்டத்தில்தான் குழுக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: அரை மணி நேரத்தை விட்டுவிட்டு வேறு நேரங்களில் என்ன நடக்கிறது? அதுவரை எல்லாத் தட்டும் ஒரே நேரப் புள்ளியில் உடைக்கப்பட்டிருந்தன. பழைய வகை மீடியம் இன்னொரு ஆய்வகத்திலிருந்து கடன் வாங்கப்பட்டது. மாணவி 2 நிமிடம் தொடங்கி 2 மணி நேரம் வரை ஒரு காலக்கோடு போட்டார்.

இஜிஎஃப் கொடுத்த செல்களில் ஏற்பி 2 நிமிடத்திலேயே முழுதாக விழித்திருந்தது. எர்க் 5 முதல் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டது, ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிட்டது. இப்படி இறங்குவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். எர்க்கே பின்னால் திரும்பி சாஸையும் ராஃபையும் அடக்குகிறது. எர்க் தூண்டிவிடும் மரபணுக்களில் எர்க்கின் பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்களும் உண்டு. போதாததற்கு ஏற்பியே செல்லுக்குள் இழுக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. மொத்த ஏற்பிக்கான பிளாட்டிலும் 2 மணி நேரத்தில் பட்டை மெலிந்திருந்தது.

சாறு கொடுத்த செல்கள் வேறு கதை சொல்லின. 2 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் ஒன்றுமில்லை. 15 நிமிடத்தில் லேசான பட்டை, அரை மணியில் தெளிவு, 2 மணி நேரத்திலும் இறங்காமல் அப்படியே நின்றது. மொத்த ஏற்பியும் குறையவில்லை.

இப்படி ஒரு படத்தை லிகண்ட், அதாவது இஜிஎஃப்பைப் போல ஏற்பியில் வந்து பிணையும் மூலக்கூறு, கொடுக்காது. பிணைப்பும் இருபடியாதலும் நொடிக்கணக்கில் நடப்பவை. கால் மணி நேரம் தயங்க அவற்றுக்குக் காரணமில்லை. தயக்கம் என்பது ஏதோ ஒன்று மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். முதல்நாளே இந்தக் காலக்கோட்டைப் போட்டிருந்தால் கட்டுரையின் முதல் வரைவே எழுதப்பட்டிருக்காது. ஒற்றை நேரப் புள்ளி இரண்டு வெவ்வேறு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விழுந்ததால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன.

எடுத்த முடிவுகள்

தலைவி கட்டுரையை நிறுத்தினார். காப்புரிமைப் பேச்சையும் நிறுத்திவைத்தார். மாணவிக்கு இது எளிதாக இருக்கவில்லை, பட்டக் காலம் முடிய அதிகம் மிச்சமில்லை. விளைவு பைருவேட் இல்லாத மீடியத்தில் மட்டும் வருகிறது என்று முறைகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிட்டு அனுப்பலாமே என்று ஒரு யோசனை வந்தது. தலைவி அதை ஏற்கவில்லை. விளைவு மீடியத்தைச் சார்ந்தது என்றால் விளைவின் காரணமே மீடியத்தில் இருக்கக்கூடும். அது தெரியாமல் வரி சேர்ப்பது மறைப்பதற்குச் சமம் என்றார்.

மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொண்டார்கள். சாறு செல் இல்லாமலே பெராக்சைடை உண்டாக்குகிறதா? அந்தப் பெராக்சைடை அகற்றினால் ஏற்பி அமைதியாகிறதா? ஏற்பி விழிப்பது லிகண்டாலும் இருபடியாதலாலும்தானா, வேறு வழியிலா? கையில் இருந்த பணத்துக்கு இவ்வளவே முடியும் என்பதும் உண்மை. பாஸ்பேட் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டிபாடி வாங்குவது இந்த அளவு ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகாது.

என்ன நடந்துகொண்டிருந்தது

முதல் கேள்விக்குச் செல் தேவையில்லை. சாற்றை வெறும் மீடியத்தில் கலந்து 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, அவ்வப்போது எடுத்து, இரும்பையும் சைலினால் ஆரஞ்சு சாயத்தையும் கொண்டு பெராக்சைடை அளந்தார் மாணவி. இதில் ஒரு சிக்கல் உண்டு. கடுக்காய்த் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கருக்கும். பழைய காலத்தில் மை செய்ததே அப்படித்தான். சாற்றின் நிறமே அளவைக் குழப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் நன்றாக நீர்க்கச் செய்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்சைமைச் சேர்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தார். ஒரு மணி நேரத்தில் 100க்கும் 200க்கும் இடைப்பட்ட மைக்ரோமோலார் பெராக்சைடு சேர்ந்திருந்தது. தண்ணீரில் கரைத்த சாற்றில் அது மிகக் குறைவு. பைருவேட் உள்ள மீடியத்தில் ஏறக்குறைய இல்லை.

வேதியியல் புதிரில்லை. கடுக்காயில் காலிக் அமிலமும் அதன் பெரிய உறவினர்களான டானின்களும் நிறைய. பக்கத்தில் பக்கத்தில் மூன்று ஹைட்ராக்சில் கொண்ட இந்த மூலக்கூறுகள், மீடியத்தின் லேசான காரத்தன்மையிலும் அதில் உள்ள உலோகத் துணுக்குகளின் உதவியிலும் காற்றின் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் தாங்களே ஆக்சிஜனேறுகின்றன. அதில் பிறப்பதுதான் பெராக்சைடு. தேநீர், மாதுளம்பழத் தோல், நெல்லிக்காய் என்று பாலிஃபீனால் மிகுந்த எந்தச் சாற்றிலும் இதை எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு, செல் தட்டில் சாற்றோடு கேட்டலேஸ் சேர்க்கப்பட்டது. ஏற்பிப் பட்டையும் எர்க் பட்டையும் அடங்கின. கொதிக்கவைத்துக் கெடுத்த கேட்டலேஸைச் சேர்த்தபோது இரண்டும் திரும்பின. இந்தக் கெடுத்த மாதிரி இல்லாமல் முதல் சோதனைக்கு மதிப்பில்லை, ஏனென்றால் எந்தப் புரதத்தைக் கொட்டினாலும் டானின் அதைப் பற்றிக்கொள்ளும்; தோல் பதனிடும் தொழிலே அந்தக் குணத்தின்மீது நிற்கிறது. கேட்டலேஸ் சேர்த்த இஜிஎஃப் தட்டு வழக்கம்போல் நன்றாக வந்தது. சாறே இல்லாமல் 200 மைக்ரோமோலார் பெராக்சைடை மட்டும் ஊற்றினாலும் ஏற்பி விழித்தது.

மூன்றாம் கேள்விதான் எனக்குச் சுவையானது. பக்கத்து ஆய்வகத்திலிருந்து செட்டுக்சிமாப் வாங்கிவந்தார்கள். இந்த ஆன்டிபாடி ஏற்பியின் மூன்றாம் பகுதியில் ஒட்டிக்கொண்டு இஜிஎஃப் உட்கார இடம் தராது, ஏற்பி முழுதாக விரியவும் விடாது. அதை முன்கூட்டிக் கொடுத்த செல்களில் இஜிஎஃப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாற்றால் வந்த பட்டையோ கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். மங்கியதற்கும் காரணம் சொல்லலாம்: பெராக்சைடு பட்டால் செல்கள் சவ்வில் ஒட்டியிருக்கும் தங்கள் சொந்த லிகண்டுகளை அறுத்துவிடுவதுண்டு, அதில் ஒரு பகுதி வேலை செய்திருக்கலாம். ஆனால் பெரும்பகுதி லிகண்ட் இல்லாமலே நடந்திருக்கிறது.

இருபடியாதலைப் பார்க்க, செல்களைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் கழுவி, பிஎஸ்3 என்ற குறுக்குப் பிணைப்பியைச் சேர்த்தார்கள். அது சவ்வைத் தாண்டி உள்ளே போகாமல், வெளியே நெருங்கி நிற்கும் இரண்டு புரதங்களை அமைன்கள் வழியாகக் கட்டிப்போடும். மீடியத்தின் அமினோ அமிலம் கொஞ்சம் மிஞ்சினாலும் பிணைப்பி அதிலேயே தீர்ந்துபோகும் என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. மாணவியின் முதல் ஜெல்லில் எந்தத் தடத்திலும் இருபடி தெரியாததற்கு இதுதான் காரணம். நன்றாகக் கழுவிய பிறகு இஜிஎஃப் தடத்தில் 340 கிலோடால்டனுக்குப் பக்கத்தில் இருபடிப் பட்டை பளிச்சென்று வந்தது. சாற்றின் தடத்திலும் பெராக்சைடின் தடத்திலும் அது வெறும் மீடியம் அளவைத் தாண்டவில்லை, அதே மாதிரிகளில் 1068ஆம் டைரோசின் பாஸ்பேட் வலுவாக இருந்தபோதும்.

இருபடி தெரியாமல் தன்பாஸ்பரேற்றம் எப்படி? இங்கேதான் நாம் அடிக்கடி மறக்கும் ஓர் ஆள் நுழைகிறார். ஏற்பிகள் லிகண்ட் இல்லாதபோதும் சவ்வில் அலைந்து அவ்வப்போது நொடிநேரம் உரசிக்கொள்கின்றன, அப்போது கொஞ்சம் பாஸ்பேட் ஏறத்தான் செய்கிறது. பிடிபி1பி போன்ற டைரோசின் பாஸ்பட்டேஸ்கள் ஏறிய கையோடு அதைக் கழற்றிவிடுகின்றன. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தாலும் வடிகால் திறந்திருப்பதால் தொட்டி நிறைவதில்லை. நாம் பிளாட்டில் பார்ப்பது தொட்டியின் மட்டம், குழாயின் வேகம் அல்ல. இஜிஎஃப் குழாயைத் திறந்துவிடுகிறது. பெராக்சைடு வடிகாலை அடைக்கிறது.

அடைக்கும் முறை துல்லியமானது. இந்தப் பாஸ்பட்டேஸ்களின் வேலைசெய்யும் மையத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. பிடிபி1பியில் அது 215ஆவது. உடல் பிஹெச்சில் அதன் கந்தகம் புரோட்டானை இழந்து எதிர்மின்னோடு நிற்கும். அதனால்தான் அதற்குப் பாஸ்பேட்டைத் தாக்கும் வலிமை. அதே காரணத்தால் பெராக்சைடுக்கும் அது எளிதில் இரையாகிறது. ஆக்சிஜனேறிய சிஸ்டீனால் பாஸ்பேட்டைத் தொட முடியாது. செல்லில் உள்ள கந்தகம் கொண்ட தயால் அமைப்புகள் பிறகு அதை மீட்டெடுக்கலாம், ஆனால் பெராக்சைடு வந்துகொண்டே இருக்கும்வரை மீட்பு முந்தாது. எர்க்கின் பாஸ்பேட்டைக் கழற்றும் இரட்டைக் குண பாஸ்பட்டேஸ்களும் இதே சிஸ்டீன் வேதியியலை நம்பியவைதான். எர்க் பட்டை 2 மணி நேரத்திலும் இறங்காமல் நின்றதற்கு அது பொருந்துகிறது.

மொத்த ஏற்பி குறையாததற்கும் விளக்கம் இருந்தது. லிகண்டால் விழித்த ஏற்பியின் 1045ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறி, சிபிஎல் என்ற என்சைம் அங்கே வந்து அழிவு முத்திரை குத்தும். பெராக்சைடால் விழித்த ஏற்பியில் அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறாததால் முத்திரை விழுவதில்லை என்று நுரையீரல் மேல்தோல் செல்களில் 2002லேயே வெளியாகியிருக்கிறது. 1045க்கான ஆன்டிபாடி வாங்கப் பணம் இல்லாததால் இங்கே அதை நேரடியாகச் சோதிக்கவில்லை.

இவற்றின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். குறுக்குப் பிணைப்பில் பட்டை இல்லை என்பதற்கு இருபடியே இல்லை என்று பொருளல்ல. நொடிநேரம் சேர்ந்து பிரிபவை பிணைப்பியின் வலையில் விழாமல் போகலாம். பெராக்சைடு பாஸ்பட்டேஸ்களை மட்டும்தான் தொட்டது என்றும் சொல்ல முடியாது. ஏற்பியின் கைனேஸ் மையத்தருகே 797ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனும் பெராக்சைடால் மாறுகிறது, அதனால் கைனேஸின் வேகமே கூடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஜெஃபிடினிப் கொடுத்தபோது ஏற்பிப் பட்டை மறைந்தாலும் எர்க் பட்டையில் ஏறத்தாழ பாதி தங்கியிருந்ததை மாணவி பழைய படங்களைத் திரும்ப அளந்தபோது கண்டார். அந்தப் பாதி இந்த ஏற்பியின் வழியாகவே வரவில்லை.

இன்னொரு விஷயம் எல்லோரையும் கொஞ்சம் தடுமாற வைத்தது. பெராக்சைடு என்பது செல்லுக்கு அந்நியமல்ல. இஜிஎஃப் ஏற்பி விழிக்கும்போது செல்லே சிறிதளவு பெராக்சைடை உண்டாக்கிப் பக்கத்துப் பாஸ்பட்டேஸ்களைத் தற்காலிகமாக அடக்குகிறது. ஏ431 செல்களில் 1997ல் இது காட்டப்பட்டது. அதாவது சாறு தொட்டது இயற்கையில் உள்ள ஒரு விசையைத்தான். ஆகவேதான் விளைவு இவ்வளவு நம்பும்படியாக இருந்தது. வித்தியாசம், செல் அதை ஏற்பியின் அருகில் சில நிமிடம் செய்கிறது, சாறு மீடியம் முழுவதிலும் மணிக்கணக்கில் செய்தது.

பிறகு நடந்தவை

கட்டுரையின் தலைப்பு மாறியது. இஜிஎஃப்பைப் போன்ற மூலக்கூறு என்ற கூற்று போய், பாலிஃபீனால் மிகுந்த தாவரச் சாறுகள் வளர்ப்பு மீடியத்தில் பெராக்சைடு வழியாக ஏற்பிப் பாஸ்பரேற்றத்தைப் பொய்யாகக் காட்டலாம் என்பது வந்தது. முன்பு நினைத்ததைவிடச் சிறிய இதழில் வெளியாயிற்று. மாணவியின் ஆய்வேட்டில் இதுவே மிக நீண்ட இயல். காப்புரிமை விண்ணப்பம் போடப்படவில்லை. கீறல் சோதனையில் தெரிந்த சிறு வேகமும் கேட்டலேஸ் சேர்த்தபோது காணாமல் போனது; அந்தப் படங்கள் கட்டுரையில் இல்லை, ஆய்வேட்டில் இருக்கின்றன.

சித்த மருத்துவரிடம் தலைவியே நேரில் போய்ச் சொன்னார். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அம்மா, நான் மீடியத்துல போட்டுப் புண்ணைக் கழுவுறதில்லையே," என்றாராம். அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. இந்தச் சோதனைகள் கடுக்காய்க் குடிநீர் புண்ணுக்கு உதவுகிறதா என்பதைப் பற்றி எந்தப் பக்கமும் எதையும் நிறுவவில்லை. புண்ணில் கேட்டலேஸ் உண்டு, இரத்தம் உண்டு, கிருமிகள் உண்டு, டானின் புரதத்தை இறுக்கும் வேலையும் உண்டு. சாற்றின் பெராக்சைடு இஜிஎஃப் ஏற்பியை எழுப்பியது தட்டில்தான்.

ஆய்வகத்தில் மாற்றியவை

மீடியத்தின் பட்டியல் எண்ணும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் இப்போது பிளாட் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன. முன்பு அவை கொள்முதல் பேரேட்டில் மட்டும் இருந்தன. எந்தச் சாறு வந்தாலும் செல்லைத் தொடுவதற்கு முன் வெறும் மீடியத்தில் வைத்துப் பெராக்சைடு பார்க்கப்படுகிறது. செல் சோதனையில் கேட்டலேஸ் தட்டும் கெடுத்த கேட்டலேஸ் தட்டும் கட்டாயம். ஏற்பி இயக்கம் என்று சொல்ல 2, 5, 15, 30, 60, 120 நிமிடங்கள் கொண்ட காலக்கோடு வேண்டும், அதே ஓட்டத்தில் மொத்த ஏற்பியும் அளக்கப்பட வேண்டும். லிகண்ட் என்று சொல்வதானால் செட்டுக்சிமாப் தட்டும் குறுக்குப் பிணைப்பு ஜெல்லும் இல்லாமல் தலைவி வரைவைப் படிப்பதில்லை.

பைருவேட் உள்ள மீடியத்துக்கே முழுதாக மாறிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. அதை அவர்கள் ஏற்கவில்லை, என் கருத்தும் அதுவே. பைருவேட் பெராக்சைடை விழுங்குவதோடு, இஜிஎஃப்பின் இயல்பான வழியில் செல் வெளியே விடும் சிறிதளவையும் விழுங்கக்கூடும். அப்படி ஒரு மீடியத்தில் உண்மையான சிறு விளைவுகளும் மங்கிப்போக வாய்ப்பு உண்டு. இரண்டு வகையையும் வாங்கி வைத்து, முக்கியமான ஒவ்வொரு சோதனையையும் இரண்டிலும் ஓட்டுகிறார்கள். செலவு கூடுதல்தான். டானின் நீக்கிய கடுக்காய்ச் சாற்றை இப்போது இன்னொரு மாணவர் அப்படித்தான் சோதித்துவருகிறார். இதுவரை இரண்டு மீடியத்திலும் ஏற்பி அசையவில்லை.